கிளைக்குக் கிளை ஐபி மோதுகிறதா? அறிகுறியை வைத்துப் பிடிப்பது எப்படி

ஐபி முகவரி தீர்ந்துபோய் நெட்வொர்க்கை மாற்றி எழுதிய கம்பெனியை நான் பார்த்ததே இல்லை. 10.0.0.0/8 ஒன்றிலேயே ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல் முகவரி கிடக்கிறது. பின்னே ஏன் எல்லோரும் ஒரு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து பிரிண்டர் பிரிண்டராக ஐபி மாற்றுகிறார்கள்? அடுத்த நம்பர் எதுவோ அதைத் தூக்கிக் கொடுத்ததால்தான்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தின் கதையை எடுத்துக்கொள்கிறேன். பேர் வேண்டாம். ஆரம்பத்தில் சென்னை 192.168.1.0/24, கோவை 2, மதுரை 3, திருச்சி 4. அழகாகத்தான் இருந்தது. கோவையில் ஆள் கூடியதும் அடுத்த காலி நம்பரான 5 கோவைக்குப் போனது, சென்னை வைஃபைக்கு 6, கோவை கேமராக்களுக்கு 7. இப்போது கோவை என்றால் 2, 5, 7. இந்த மூன்றையும் ஒரே ரூட்டில் சொல்ல முயன்றால் 192.168.0.0/21 என்று எழுத வேண்டும், அதற்குள் சென்னை, மதுரை, திருச்சி எல்லாமே வந்துவிடும். ஆகவே கோவைக்கு ரூட் மூன்று வரி, ஃபயர்வாலில் மூன்று வரி, விபிஎன் டனலில் மூன்று வரி. கோவையில் ஒரு விலான் கூடினால் சென்னையில் நாலு பெட்டியைத் தொட வேண்டும்.

கீழே உள்ள அறிகுறிகள் எல்லாம் அந்த நெட்வொர்க்கிலும் அதற்குப் பதிலாகப் போட்ட புதிய திட்டத்திலும் வந்தவை. உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே போய்ப் படியுங்கள், ஆனால் இரண்டாவதை மட்டும் தாண்டாதீர்கள், மற்றவற்றுக்கு அதுதான் அடித்தளம்.

அறிகுறி 1: விபிஎன் கனெக்ட் ஆகிறது, ஆனால் சிலருக்கு மட்டும் ஃபைல் சர்வர் திறக்கவில்லை

"சிலருக்கு மட்டும்" என்பதுதான் துப்பு. அதே ஆள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வந்தால் வேலை செய்யும், வீட்டு வைஃபைக்குப் போனால் நிற்கும். பாஸ்வேர்டு, விபிஎன் ஆப், ஆன்டிவைரஸ் என்று சுற்றுவதற்கு முன்னால் அந்த லேப்டாப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சர்வருக்கு நீ எந்த வழியாகப் போகிறாய்?

```
$ ip route get 192.168.1.20
192.168.1.20 dev wlan0 src 192.168.1.34 uid 1000
```

`tun0` என்று வரவேண்டிய இடத்தில் `wlan0` வந்திருக்கிறது. விண்டோஸில் என்றால் `route print -4` பார்த்தால் இதே கதை தெரியும். வீட்டு ரூட்டரும் 192.168.1.0/24 கொடுக்கிறது, ஆபீஸ் சர்வரும் அதே வீச்சில் உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப் சர்வரைத் தன் வீட்டு ஹாலிலேயே தேடுகிறது. கடையில் வாங்கும் வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வைத்தே வருகின்றன, அதை எந்த ஊழியரிடமும் போய் மாற்றச் சொல்ல முடியாது.

அவசரத்துக்கு ஒரு ஒட்டு உண்டு: விபிஎன் சர்வரிலிருந்து அந்த ஒரு முகவரிக்கு மட்டும் 192.168.1.20/32 என்று ரூட் தள்ளுங்கள். எந்த ரூட்டின் மாஸ்க் நீளமோ அதுதான் ஜெயிக்கும், /32 எப்போதும் /24-ஐ முந்திவிடும். வீட்டில் யாராவது டிவிக்கு .20 வைத்திருந்தால் விபிஎன் ஓடும்வரை டிவி கிடைக்காது, அவ்வளவுதான். இதை வைத்தே இரண்டு வருஷம் ஓட்டியவர்களைத் தெரியும்.

நிரந்தரத் தீர்வுக்கு ஆபீஸ் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. வெளியிலிருந்து தொடப்படும் சர்வர்களை மட்டும் புதிய வீச்சில் ஒரு விலானுக்கு நகர்த்தினாலே இந்தப் புகார் நின்றுவிடும். பிரிண்டரும் கேமராவும் பழைய இடத்திலேயே கிடக்கட்டும்.

எந்த வீச்சைத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 192.168 முழுக்க வீடுகளின் இடம், விட்டுவிடுங்கள். 172.17.0.0/16-ஐ டாக்கர் தானாகவே எடுத்துக்கொள்ளும். 172.31.0.0/16 அமேசான் கிளவுடில் ஒவ்வொரு கணக்கிலும் இயல்பாக வரும் விபிசியின் வீச்சு, ஆகவே உங்கள் டெவலப்பர்கள் இரண்டு கணக்கில் ஆளுக்கொரு விபிசியை அப்படியே பயன்படுத்திவிட்டு "இரண்டையும் இணைத்துக் கொடுங்கள்" என்று வந்தால் இணைக்கவே முடியாது, ஒரே வீச்சுள்ள இரண்டு விபிசிக்குப் பியரிங் போட அது விடாது. 10.96.0.0/12 குபர்நெட்டிஸை `kubeadm` வைத்து நிறுவினால் இயல்பாக எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் வீச்சு. 10.0, 10.1 இரண்டும் எல்லோரும் முதலில் கை வைக்கும் இடம், நாளைக்கு நீங்கள் வாங்கப்போகும் கம்பெனியும் அங்கேதான் இருக்கும். 100.64.0.0/10 காலியாகத்தானே இருக்கிறது என்று ஆசைப்படாதீர்கள், அது இணைய நிறுவனங்கள் தங்கள் நேட்டுக்கு வைத்திருப்பது.

நாங்கள் எடுத்தது 10.160.0.0/12, அதாவது 10.160 முதல் 10.175 வரை. அந்த எண்ணில் விசேஷம் ஒன்றும் இல்லை, நடுவில் எங்கோ, யாரும் சட்டென்று நினைக்காத இடம். 10 முழுவதையும் "எங்களுடையது" என்று எடுத்திருந்தால் பின்னால் எந்தக் கம்பெனியோடு சேர்ந்தாலும் மோதியிருக்கும்.

அறிகுறி 2: காலையில் முதலில் வருபவர்களுக்கு நெட் வருகிறது, பத்து மணிக்கு வருபவர்களுக்கு 169.254 என்று ஐபி வருகிறது

டிஹெச்சிபி கொடுக்க ஐபி இல்லை என்று அர்த்தம். உடனே சப்நெட்டைப் பெரிதாக்க ஓடாதீர்கள், லீஸ் நேரத்தைப் பாருங்கள். விண்டோஸ் டிஹெச்சிபியில் அது சும்மா விட்டால் 8 நாள். போன வாரம் கூட்டத்துக்கு வந்த நாற்பது பேரின் செல்போன்கள் இன்னும் ஆளுக்கொரு ஐபியைப் பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபை விலானுக்கு நாலைந்து மணி நேரம் என்று குறைத்துவிட்டு ஒரு நாள் பொறுங்கள். பாதி இடங்களில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் சப்நெட் நிஜமாகவே போதவில்லை. /24-ஐ /23 ஆக்க வேண்டும். இதற்குப் பக்கத்து வீடு காலியாக இருக்க வேண்டும், அதிலும் எந்தப் பக்கம் என்பது முக்கியம். /23-இல் மூன்றாவது எண் இரட்டைப்படையில் தொடங்கும், /22 என்றால் 4-இன் மடங்கில், /20 என்றால் 16-இன் மடங்கில். ஆகவே 2-இன் ஜோடி 3, 4-இன் ஜோடி 5. "5-உம் 6-உம் அடுத்தடுத்துத்தானே இருக்கு, சேர்த்துவிடலாமே" என்றால் முடியாது, அவை வேறு வேறு ஜோடியில் இருக்கின்றன. ரூட்டரில் சரிபார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது: சிஸ்கோவில் தப்பான எல்லையில் ஸ்டாட்டிக் ரூட் எழுதினால் அது ஏற்காமல் திட்டும்.

```
R1(config)# ip route 192.168.5.0 255.255.254.0 10.9.9.2
%Inconsistent address and mask
```

எங்கள் கதையில் கோவையின் 2-க்கு ஜோடி 3, அது மதுரையிடம். மதுரையைக் காலி செய்தால்தான் கோவை வளரும். மறு எண்ணிடல் என்ற தலைவலி பிறக்கும் இடம் துல்லியமாக இதுதான். எண்ணைக் கொடுத்த நாளில் யாருக்கும் தெரியாது, மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும்.

புதிய திட்டத்தில் என்ன செய்தோம் என்றால், ஊருக்கு ஒரு கட்டம் கொடுத்து, அந்தக் கட்டத்தின் ஜோடியையும் காலியாக விட்டோம்.

```
10.160.0.0/20     காலி (கோவையின் ஜோடி)
10.160.16.0/20    கோவை
10.160.32.0/20    மதுரை
10.160.48.0/20    காலி (மதுரையின் ஜோடி)
10.160.64.0/18    சென்னை
10.160.128.0/20   திருச்சி
10.160.144.0/20   காலி (திருச்சியின் ஜோடி)
```

ஒரு /20 என்றால் பதினாறு /24. அறுபது பேர் இருக்கும் கிளைக்கு இது அதிகமில்லையா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள். அதிகம்தான். ஆனால் நாங்கள் எடுத்த /12-க்குள் இப்படி 256 கட்டம் இருக்கிறது, கிளைகளோ நாலு. இங்கே கஞ்சத்தனம் காட்டி என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

கட்டத்துக்குள்ளும் அதே விளையாட்டுதான். கோவையில் ஊழியர் விலானுக்கு 10.160.16.0/24 மட்டும் போட்டோம், ஆனால் 17, 18, 19 மூன்றையும் யாருக்கும் கொடுக்கவில்லை. போன்கள் 20-இல் தொடங்கி 21 காலி, பிரிண்டர் 22, கேமரா 24-இல் தொடங்கி 25 காலி. ஊழியர் விலான் நிரம்பினால் முதலில் /23, அப்புறம் /22, யாரும் வீடு மாற வேண்டாம். கோவை கட்டமே நிரம்பினால் 10.160.0.0/19 ஆகிவிடும், சென்னையில் மாறுவது ரூட்டிலும் ஃபயர்வாலிலும் ஒரே வரிதான், 10.160.16.0/20 என்பது 10.160.0.0/19 ஆகும். கோவை நடுவில் இருந்து கீழ்ப்பக்கமாக வளர்வது பார்க்க விசித்திரமாக இருக்கும், கவலைப்படாதீர்கள்.

மாஸ்க்கை அகலமாக்கும்போது வரிசை முக்கியம். முதலில் கேட்வேயில், அடுத்து டிஹெச்சிபியில் (விண்டோஸில் இருக்கும் ஸ்கோப்பின் மாஸ்க்கைத் திருத்த முடியாது, நீக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், ரிசர்வேஷன்களை முன்னாலேயே எடுத்து வையுங்கள்), கடைசியாகக் கையால் ஐபி போட்ட சாமான்களில். இந்தக் கடைசியைத்தான் மறப்பார்கள். மறந்தால் வரும் கோளாறு வேடிக்கையானது. பிரிண்டர் 10.160.16.50, இன்னும் /24-இலேயே இருக்கிறது. புதிதாக வந்தவரின் கம்ப்யூட்டர் 10.160.17.30, மாஸ்க் /23. கம்ப்யூட்டர் பிரிண்டரைப் பக்கத்து வீடு என்று நினைத்து நேரடியாக அனுப்பும். பிரிண்டரோ 17-ஐ வெளியூர் என்று நினைத்துப் பதிலைக் கேட்வேயிடம் கொடுக்கும். கேட்வே வெறும் ரூட்டர் என்றால் அது பதிலைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், யாருக்கும் தெரியாது. கேட்வே ஃபயர்வால் என்றால், பேச்சின் ஆரம்பத்தையே பார்க்காமல் பதில் மட்டும் வருகிறதே என்று அதைக் குப்பையில் போடும். ஆக பழைய ஆட்களுக்குப் பிரிண்ட் வரும், புதியவர்களுக்கு வராது. பிரிண்டர் டிரைவரை நாலு தடவை நிறுவிப் பார்த்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

அறிகுறி 3: சம்மரி போட்ட பிறகு, இல்லாத ஐபிக்குப் போகும் டிராஃபிக் லிங்க்கை நிரப்புகிறது

கோவைக்கு ஒரே ரூட் என்று ஆனதும் சென்னை ரூட்டரில் மூன்று வரியை அழித்துவிட்டு எல்லாவற்றையும் சுருக்கிச் சம்மரியாக ஒரே வரி எழுதினோம்: 10.160.16.0/20 கோவைக்கு. கோவை சின்ன ரூட்டர், அங்கே டிஃபால்ட் ரூட் சென்னைக்கு. எல்லாம் ஓடியது, எல்லோரும் டீ குடிக்கப் போனோம். ராத்திரி, நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கிறது என்று தேடும் ஸ்கேன் ஓடியதும் சென்னை–கோவை லிங்க் மூச்சுத் திணறியது. கோவையில் இல்லவே இல்லாத ஒரு முகவரிக்கு டிரேஸ் போட்டால் இப்படி வந்தது:

```
$ traceroute -n -q 1 10.160.27.9
 1  10.160.64.1  0.6 ms
 2  10.160.127.2  9.1 ms
 3  10.160.127.1  9.3 ms
 4  10.160.127.2  18.2 ms
 5  10.160.127.1  18.4 ms
```

இரண்டே முகவரி மாறி மாறி வருகிறதா, சம்மரியின் கைவேலைதான். சென்னை சொல்கிறது, "16 முதல் 31 வரை கோவைதான், அங்கே போ." கோவை பார்க்கிறது, 27 என்று தன்னிடம் ஒன்றும் இல்லை, "எனக்குத் தெரியாததெல்லாம் சென்னைக்கு" என்று திருப்பி விடுகிறது. பாக்கெட்டின் டிடிஎல் தீரும்வரை இந்தப் பந்தாட்டம் நடக்கும். டிடிஎல் 64-இல் கிளம்பிய ஒரு பாக்கெட் அதே லிங்க்கில் அறுபது தடவைக்கு மேல் ஓடும். ஸ்கேனர் பதினாறு சப்நெட்டையும் தட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் இல்லாவிட்டாலும் ஒருநாள் வரும். கோவையில் கேமரா ஸ்விட்ச் அணைந்து அந்த விலான் டவுன் ஆனால், அந்த /24 கோவை ரூட்டரின் அட்டவணையிலிருந்து போய்விடும், ரெக்கார்டர் சென்னையிலிருந்து தட்டிக்கொண்டே இருக்கும், அதே பந்தாட்டம் தொடங்கும்.

தீர்வு கோவை ரூட்டரில் ஒரே வரி:

```
ip route 10.160.16.0 255.255.240.0 Null0
```

"என் கட்டத்துக்குள் இருந்தும் என்னிடம் இல்லாதது என்றால் இங்கேயே போட்டுவிடு, சென்னைக்குத் திருப்பாதே" என்று அர்த்தம். நிஜமாக இருக்கும் விலான்களுக்கு ஆபத்தில்லை, அவற்றின் /24 இந்த /20-ஐவிட நீளம், அவைதான் முதலில் பொருந்தும். இதை முதல் தடவை டைப் செய்யும்போது கை நடுங்கத்தான் செய்யும், கிளை முழுவதையும் குப்பைத் தொட்டிக்கு அனுப்புகிற மாதிரி இருக்கும். செய்துவிட்டு மறுபடி டிரேஸ் போடுங்கள், கோவையிலேயே நிற்க வேண்டும்.

ஓஎஸ்பிஎஃப் ஓட்டுகிறவர்கள் `area 1 range 10.160.16.0 255.255.240.0` என்று எழுதினால் சிஸ்கோ இந்த Null0 வரியைத் தானே சேர்த்துக்கொள்ளும், கையால் எழுதும் ஸ்டாட்டிக்கில்தான் மறந்துபோகிறது. ஆனால் ஓஎஸ்பிஎஃப்பில் வேறொரு ஏமாற்றம் உண்டு. கம்பெனி முழுவதும் ஒரே ஏரியாவில் இருந்தால் அந்தக் கட்டளையை எங்கே எழுதினாலும் ஒன்றும் நடக்காது, பிழையும் காட்டாது. இரண்டு ஏரியாவுக்கு நடுவில் நிற்கும் ரூட்டர் மட்டுமே சுருக்கிச் சொல்ல முடியும். சென்னையில் `show ip route` பார்த்தால் கோவையின் /24-கள் வரிசையாகத் தெரிகின்றன, /20 இல்லை என்றால் முதலில் ஏரியா எல்லை எங்கே என்று பாருங்கள்.

அறிகுறி 4: ஓசூர் லிங்க் விழுந்தால் கோவையிலிருந்து பிழை வருகிறது

இது என் தப்பு. ஓசூரில் சின்னதாக ஒரு கிடங்கு, ஆறு பேர், இரண்டு பிரிண்டர். திட்டப்படி அதற்கு 10.160.160.0/20 கொடுத்திருக்க வேண்டும். ஆறு பேருக்குப் போய் /20-ஆ என்று தோன்றியது, கோவை கட்டத்தில் 30 சும்மாதானே கிடக்கிறது என்று 10.160.30.0/24-ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். சென்னையில் ஓசூருக்கு என்று தனியாக ஒரு /24 ரூட். ஏழெட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை, நீளமான ரூட் ஜெயிப்பதால் ஓசூர் டிராஃபிக் ஓசூருக்கே போனது.

ஒருநாள் ஓசூர் டனல் விழுந்தது. அதோடு அந்த /24 ரூட்டும் சென்னை அட்டவணையிலிருந்து போனது. மிச்சம் இருப்பது கோவையின் /20, அதற்குள் 30-உம் அடக்கம். ஆகவே ஓசூர் பாக்கெட்டெல்லாம் கோவைக்குப் போய் Null0-இல் விழுந்தன, கண்காணிப்புத் திரையில் "கோவை ரூட்டர்: போக வழியில்லை" என்று வந்தது. கோவையில் இருந்த தம்பியை ஒரு மணி நேரம் ரூட்டரைப் பிடித்து உலுக்கவைத்தேன். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், "அண்ணா, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

இப்படி வேறு யாருக்காவது கடன் கொடுத்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு கட்டளை போதும். சம்மரியை எழுதி, அதைவிட நீளமான ரூட்களையெல்லாம் காட்டச் சொல்லுங்கள்:

```
R1# show ip route 10.160.16.0 255.255.240.0 longer-prefixes
S    10.160.16.0/20 [1/0] via 10.160.127.2
S    10.160.30.0/24 [1/0] via 10.160.127.10
```

எல்லா வரியிலும் ஒரே `via` இருக்க வேண்டும். வேறு ஒன்று தலைகாட்டினால் அது ஊர் மாறிப்போன சப்நெட். லிங்க் எல்லாம் நன்றாக இருக்கும் நேரத்திலேயே இதை ஓட்டுங்கள், லிங்க் விழுந்த பிறகு அந்த வரியே இருக்காது. ஃபயர்வாலையும் சேர்த்துப் பாருங்கள். "கோவை" என்று /20-க்கு எழுதிய அனுமதி ஓசூருக்கும் போயிருக்கும், எங்களுக்கும் போயிருந்தது: கோவைக் கணக்குப் பிரிவுக்கு மட்டும் திறந்த சர்வர் ஓசூர் கிடங்கிலிருந்தும் திறந்தது.

ஆறு பேர் இருக்கும்போதே மாற்றிவிட்டோம். ஓசூர் கேட்வேயின் அதே இன்டர்ஃபேஸில் புதிய முகவரியை இரண்டாவதாகச் சேர்த்தோம், சென்னையில் 10.160.160.0/20-க்கு ரூட், ஓசூரில் அதற்கொரு Null0, ஃபயர்வாலில் ஓசூர் என்று தனிப்பெயர். முந்தின நாளே லீஸை ஒரு மணி நேரமாகக் குறைத்து வைத்திருந்தோம். டிஹெச்சிபியைப் புதிய வீச்சுக்குத் திருப்பியதும் கம்ப்யூட்டர்கள் மதியத்துக்குள் தாமாகவே மாறிவிட்டன. பிரிண்டர் இரண்டையும் மறுநாள் கையால் மாற்றினோம். பழைய கேட்வே முகவரியை ஒரு வாரம் விட்டு வைத்து, இன்னும் யார் அதைத் தட்டுகிறார்கள் என்று ஏஆர்பி அட்டவணையில் பார்த்தோம். ஒரே ஒரு முகவரி மிஞ்சியது, சுவரில் மாட்டிய வருகைப் பதிவு இயந்திரம், அதன் அட்மின் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை. அதை மாட்டிய கடைக்காரர் வந்து மாற்றும்வரை 10.160.30.0/24 சென்னை அட்டவணையில் இன்னும் பதினேழு நாள் இருந்தது.